ஒரே வினாத்தாள், பல நேர மண்டலங்கள்: உலகளாவிய தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகெங்கும் ஒரே வினாத்தாளைக் கொண்டு நடத்தப்படும் தேர்வு, எல்லா ஊர்களிலும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்குவதுதான் நியாயம் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் காலைப் பொழுதில், தூங்கி எழுந்த தெளிவோடு எழுதலாம் என்பதால் அந்த எண்ணம் இயல்பானதே. ஆனால் ஆக்லாந்தில் காலை ஒன்பது மணி ஆகும்போது லாஸ் ஏஞ்சல்ஸில் முந்தைய நாள் பிற்பகல் இரண்டு மணிதான் ஆகியிருக்கும் (மே மாதக் கணக்கு இது). ஆக்லாந்துத் தேர்வர் மூன்று மணி நேரத் தாளை முடித்து வெளியே வந்த பிறகும், லாஸ் ஏஞ்சல்ஸ் தேர்வருக்குத் தேர்வு தொடங்கப் பதினாறு மணி நேரம் மீதமிருக்கும். நினைவிலிருந்து கேள்விகளை எழுதி இணையத்தில் பகிர அதில் ஒரு சிறு பகுதியே போதும். 2024 மே மாதம், பல நாட்டுப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டமும் தேர்வும் வகுக்கும் இன்டர்நேஷனல் பேக்கலோரியட் என்னும் அமைப்பு நடத்திய கணிதத் தேர்வுகளில் இதுவே நடந்தது. ஒரு மண்டலத்தில் எழுதி முடித்த சிலர், வேறு மண்டலத்தினர் எழுதத் தொடங்கும் முன்பே கேள்விகளைப் பகிர்ந்தார்கள்.

ஆகவே அட்டவணை வகுப்பவர் கடிகாரம் என்ன காட்டுகிறது என்பதைவிட, வேறொரு கேள்வியையே முதலில் கேட்கிறார்: தாளைப் பார்த்துவிட்ட முதல் ஆள் வெளியுலகோடு பேசக்கூடிய நேரம் எது, தாளை இன்னும் பார்க்காத கடைசி ஆள் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்படும் நேரம் எது? இரண்டாவது நேரம் முதலாவதற்குப் பிந்திவிடக் கூடாது. உலகத் தேர்வு அட்டவணைகளின் விசித்திரங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு நிபந்தனையிலிருந்து பிறப்பவையே.

இதிலிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று மணி நேரத் தாள் ஒன்றை எந்த ஊரிலும் காலை எட்டு மணிக்கு முன்போ, பிற்பகல் மூன்று மணிக்குப் பின்போ தொடங்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். கிழக்கு ஓரத்து ஊர் தன் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிக்கிறது. அது முடியும் அதே கணத்தில் மேற்கு ஓரத்து ஊர் தன் காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. அந்த இரண்டு ஊர்களின் கடிகாரங்களுக்கு இடையே பத்து மணி நேர வேறுபாடுதான் இருக்க முடியும். மக்கள் வாழும் நிலப்பரப்போ ஹவாய் முதல் டோங்கா வரை இருபத்து மூன்று மணி நேரம் பரந்து கிடக்கிறது. எனவே எல்லோரும் பகலில் எழுத வேண்டுமானால், ஏறக்குறைய மூன்று மண்டலங்களுக்கு மூன்று வெவ்வேறு வினாத்தாள்கள் வேண்டும். ஆயிரக்கணக்கானோர் எழுதும் பாடத்துக்கு இது கட்டுப்படியாகும். மூன்றையும் தனித்தனியே தயாரித்து, ஒவ்வொன்றின் கடினத்துக்கேற்பத் தர எல்லைகளைத் தனித்தனியே வகுக்கலாம். சில நூறு பேர் மட்டுமே எழுதும் பாடத்தில் அப்படிப் பிரித்தால், ஒவ்வொரு தாளின் கடினத்தையும் நம்பிக்கையோடு ஒப்பிடப் போதிய விடைத்தாள்கள் கிடைக்காது. அதனால்தான் சிறிய பாடங்களுக்குப் பெரும்பாலும் ஒரே தாள் அமைகிறது. யாராவது பொருந்தாத நேரத்தில் எழுத வேண்டியதாகிறது.

அந்தச் சுமையை இரவிலிருந்து அகற்றி வேறு வடிவில் சுமத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ளாததே தேர்வர்கள் செய்யும் பெருந்தவறு. கேம்பிரிட்ஜ் சர்வதேசத் தேர்வுகளில் இதற்கு ‘கீ டைம்’ என்று பெயர். தமிழில் பிணைப்பு நேரம் என்று சொல்லலாம். அந்த நேரத்தில் தேர்வர் ஒவ்வொருவரும் ஒன்று தேர்வு எழுதிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது மையத்தின் முழுக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். தேர்வு தொடங்கும் நேரமும் பிணைப்பு நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மே மாத நடுவில் மூன்று மணி நேரத் தாள் ஒன்றின் பிணைப்பு நேரம், யுடிசி என்னும் உலகப் பொது நேரப்படி நண்பகல் 12 மணி என்று கொள்வோம். அப்போது லண்டனில் பிற்பகல் 1 மணி, சிங்கப்பூரில் இரவு 8 மணி, ஆக்லாந்தில் நள்ளிரவு 12 மணி, லாஸ் ஏஞ்சல்ஸில் விடியற்காலை 5 மணி. லண்டன் மையம் ஒரு மணிக்கே தொடங்கி நான்கு மணிக்கு முடிக்கிறது. எந்தச் சிக்கலும் இல்லை. சிங்கப்பூர் மையம் மாலை 5 மணிக்குத் தொடங்கினால் எட்டு மணிக்கு எல்லோரையும் அனுப்பிவிடலாம். ஆக்லாந்து மையம் மாலை 6 முதல் 9 வரை தேர்வை நடத்திவிட்டு, தேர்வர்களை நள்ளிரவு வரை கைபேசியின்றிக் கண்காணிப்பில் வைத்திருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் தேர்வர்கள் காலை 5 மணிக்குள் மையத்துக்குள் வந்து, கைபேசியை ஒப்படைத்து, 8 மணிக்கு எழுதத் தொடங்குகிறார்கள். நால்வரில் ஒருவரும் நள்ளிரவில் எழுதவில்லை. அதற்கு ஈடாக ஒருவர் தேர்வுக்குப் பின் மூன்று மணி நேரமும், மற்றொருவர் தேர்வுக்கு முன் மூன்று மணி நேரமும் காத்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் தேர்வர் எளிதில் செய்யக்கூடிய தவறு, நுழைவுச் சீட்டில் ‘தொடக்கம் 8.00’ என்று இருப்பதைப் பார்த்து ஏழரை மணிக்கு வந்து சேர்வது. அவர் தேர்வுக்குத் தாமதமாகவில்லை. ஆனால் இரண்டரை மணி நேரம் யார் கண்ணிலும் படாமல், கேள்விகள் வெளிவந்திருக்கக்கூடிய உலகில் இருந்துவிட்டார். அவரது விடைத்தாளைத் தேர்வு வாரியம் ஏற்காமல் போக இதுவே போதும். ஆக்லாந்துத் தேர்வரின் தவறு இதற்கு நேர்மாறானது. விடைத்தாளைக் கொடுத்ததும் தேர்வு முடிந்துவிட்டது என்று கருதி, பெற்றோரை ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிடுகிறார், அல்லது கழிப்பறைக்குப் போகும் வழியில் கைபேசியைத் தொட்டுப் பார்க்கிறார். காத்திருப்பு நேரமும் தேர்வின் பகுதியே. உணவு, மருந்து, அடுத்த பாடத்தின் அச்சிட்ட குறிப்புகள் ஆகியவற்றில் எவற்றை உடன் வைத்துக்கொள்ளலாம் என்பதை மையத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இணையத்தோடு இணையும் கருவிக்கு எப்படியும் இடமில்லை. வெளியே வந்த பிறகும் வாயைத் திறந்துவிட முடியாது. இன்டர்நேஷனல் பேக்கலோரியட் விதிகள், தேர்வு முடிந்து 24 மணி நேரத்துக்குத் தாளின் உள்ளடக்கத்தைத் தம் பள்ளிச் சமூகத்துக்கு வெளியே பேசுவதைத் தடுக்கின்றன. காத்திருக்க வைத்த பிறகு இது எதற்கு என்று கேட்கத் தோன்றும். மண்டலப் பிரிப்பில் ஏதேனும் ஓட்டை இருந்தால் அதை அடைக்கும் இரண்டாவது பூட்டு அது.

அப்படியானால் உண்மையிலேயே நள்ளிரவில் எழுத நேர்வது எப்போது? கண்காணிக்க ஆளில்லாதபோது. வீட்டிலிருந்தே எழுதும் தேர்வில் யாரையும் முன்னும் பின்னும் அடைத்துவைக்க முடியாது. எனவே உலகம் முழுவதும் ஒரே கணத்தில் தொடங்குவது ஒன்றே வழியாகிறது. 2020 மே மாதம் பெருந்தொற்றின்போது அமெரிக்காவின் கல்லூரி வாரியம், பள்ளி மாணவர்கள் கல்லூரி நிலைப் பாடங்களில் எழுதும் தன் ஏபி தேர்வுகளை இணையவழியில் அப்படித்தான் நடத்தியது. அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நண்பகல் 12, பிற்பகல் 2, மாலை 4 மணிக்குத் தொடங்கிய அந்தத் தேர்வுகள், தென் கொரியாவின் சியோலில் இருந்தவர்களுக்கு அதிகாலை 1, 3, 5 மணிக்குத் தொடங்கின. மேலே சொன்ன ஆக்லாந்துத் தேர்வரும் வீட்டிலிருந்து எழுதியிருந்தால் நள்ளிரவு 12 முதல் 3 வரை எழுதியிருப்பார். இரவு எங்கே விழ வேண்டும் என்பதை அமைப்பாளர் தேர்ந்தெடுக்கிறார். தேர்வர்கள் மிகக் குறைவாக உள்ள பகுதியில் அது விழுமாறு தொடக்கக் கணத்தை நகர்த்துவதே வழக்கம். சிறுபான்மைக்கு இது அநீதிதான், மறுப்பதற்கில்லை. சில வேளைகளில் தேதிக் கோடே உதவிக்கு வருவதும் உண்டு: ஆசிய பசிபிக் கணித ஒலிம்பியாட், அமெரிக்கக் கண்டங்களில் மார்ச் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை பிற்பகலிலும், ஆசியாவிலும் மேற்குப் பசிபிக்கிலும் இரண்டாம் செவ்வாய் காலையிலும் நடக்கிறது. லிமாவில் திங்கள் மாலை நான்கு மணி என்பது டோக்கியோவில் செவ்வாய் காலை ஆறு மணி என்பதால், வெவ்வேறு கிழமைகளாகத் தோன்றும் அவை உண்மையில் அடுத்தடுத்த மணி நேரங்களே.

இரவுத் தேர்வில் தேதித் தவறு மிகவும் எளிது. நம் பேச்சு வழக்கே அதற்குத் துணைபோகிறது. ‘வியாழன் இரவு ஒரு மணி’ என்று நாம் சொல்லும்போது, வியாழன் படுத்து எழுவதற்குள் வரும் ஒரு மணியைத்தான் கருதுகிறோம். நாட்காட்டியில் அது வெள்ளிக்கிழமை. நுழைவுச் சீட்டில் ‘வெள்ளி 01.00’ என்று இருந்தால், வெள்ளிக்கிழமை முழுவதும் படித்துவிட்டு அன்று இரவு அமர்பவர் ஒரு நாள் தாமதமாகிவிடுகிறார். ‘15ஆம் தேதி நள்ளிரவு 12’ என்ற குறிப்பு இன்னும் மோசமானது. அது 15ஆம் தேதியின் தொடக்கமா முடிவா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நல்ல அமைப்பாளர்கள் இதனாலேயே 23.59 அல்லது 00.01 என்று குறிப்பிடுகிறார்கள். அப்படி இல்லையெனில், யுடிசி நேரத்தைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

மனப்பாடமான மணி வேறுபாட்டை நம்புவதும் ஆபத்தே. நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் ஐந்து மணி நேரம் என்பது பெரும்பாலான நாட்களுக்குப் பொருந்தும். ஆனால் 2025இல் அமெரிக்கா மார்ச் 9 அன்றும் பிரிட்டன் மார்ச் 30 அன்றும் கடிகாரத்தை முன்தள்ளியதால், இடைப்பட்ட மூன்று வாரங்களில் அந்த வேறுபாடு நான்காகச் சுருங்கியது. மார்ச் 18 அன்று நியூயார்க் நேரப்படி நண்பகலில் தொடங்கும் தேர்வுக்கு, ஐந்தைக் கூட்டிய லண்டன் தேர்வர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருப்பார். தென்கோளத்தில் மாற்றம் எதிர்த்திசையில், வேறு தேதியில் நடக்கிறது. எனவே தேர்வு நாளின் தேதியை உள்ளிட்டே நேரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றெழுத்துச் சுருக்கங்களையும் அப்படியே நம்ப வேண்டாம்: IST என்பது இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் நேரத்தையும் குறிக்கிறது, CST அமெரிக்க மத்திய நேரமாகவும் இருக்கலாம், சீன நேரமாகவும் இருக்கலாம்.

உடலைப் பொறுத்தவரை, பகலெல்லாம் படித்துவிட்டு அதே வேகத்தில் ஒரு மணிக்கு எழுத அமர்வதுதான் பொதுவான தவறு. தேர்வுக்குச் சில நாட்கள் முன்பிருந்தே உறங்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளிவைத்து, தேர்வன்று மாலையில் ஓரிரு மணி நேரம் உறங்கி எழுவது பயன் தரும்.

கடைசியாக, பதிவு செய்யும்போதே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு முடியும் ஒரு தாளும், அதே நாள் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் வேறொரு தாளும் அட்டவணையில் ஒன்றோடொன்று மோதுவதாகத் தெரியாது, ஏனெனில் நேரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. அந்த மோதலைத் தேர்வர்தான் கண்டுபிடித்து மையத்திடம் சொல்ல வேண்டும்; வாரியம் மாற்று அமர்வுக்கான கோரிக்கையை ஏற்பதாக இருந்தாலும், பதிவுக் காலம் முடிந்த பிறகு அது நடப்பது அரிது.