பேச்சைச் சுருக்கும்போது விடக்கூடாத பிழைகள்

வார இறுதி வந்தால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் எங்காவது ஒரு மண்டபத்தில் நூல் வெளியீடோ நினைவுப் பேருரையோ நடக்கும். திங்கட்கிழமை அவற்றின் சுருக்கங்கள் எங்கள் ஆசிரியபீடத்து மேசைக்கு வந்துவிடும். எழுதுபவர்கள் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். ஆட்கள் மாறுகிறார்கள், பிழைகள் மாறுவதில்லை. பெயரைப் பிழையாக எழுதுவது, பட்டத்தை மாற்றிப் போடுவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவற்றை ஒருமுறை சொன்னால் திருந்திவிடும். பார்த்தால் பிழையே இல்லாததுபோல் இருக்கும் சுருக்கத்துக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

கைதட்டு விழுந்த வரியை முதலில் வைப்பது

இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவைப்பது இந்தப் பிழைதான்.

காலி வீதியில் விபத்து நடந்தால் முக்கியமானதை முதல் வசனத்தில் சொல்லவேண்டும், மிச்சத்தைக் கீழே அடுக்கவேண்டும். செய்தி எழுதப் பழகும்போது முதலில் கற்பது இது. அதே கையோடு பேச்சைச் சுருக்க உட்காருகிறார்கள். மண்டபமே கைதட்டிய வரி எது என்று தேடி, அதைத் தலையில் வைக்கிறார்கள். அதற்கு முன்னால் பேச்சாளர் படிப்படியாகச் சொன்ன காரணங்களை “அவர் மேலும் கூறியதாவது” என்பதற்குக் கீழே கொட்டிவிடுகிறார்கள். விபத்தின் விவரங்களை எந்த வரிசையில் சொன்னாலும் விபத்து மாறாது. பேச்சில் அப்படியல்ல. மூன்றாவது வாதம் இரண்டாவதின் மேல் நிற்கிறது. இரண்டாவதை எடுத்துவிட்டால் மூன்றாவது வேறு கருத்தாகிவிடும்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பேச்சை வைத்துக் காட்டுகிறேன். 1942 ஓகஸ்ட் 8 அன்று பம்பாய் கோவாலியா குளம் மைதானத்தில், “வெள்ளையனே வெளியேறு” தீர்மானம் நிறைவேறிய பிறகு காந்தி பேசினார். புதிய பிள்ளைகளிடம் இந்தப் பேச்சைக் கொடுத்துச் சுருக்கச் சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

“‘செய் அல்லது செத்து மடி’ என்று அறைகூவல் விடுத்த காந்தி, ஆங்கில ஆட்சிக்கு எதிரான இறுதிப் போராட்டத்தை அன்றிரவே தொடக்கி வைத்தார்.”

மேற்கோள் சரி, நாள் சரி. ஆனால் காந்தி சொன்னது இதற்கு நேர்மாறு.

பேச்சின் ஓட்டத்தைப் பாருங்கள். தீர்மானத்தை நிறைவேற்றியவர்களுக்கு முதலில் வாழ்த்துச் சொல்கிறார். எதிர்த்து வாக்களித்த 13 பேரின் துணிச்சலையும் அதே மூச்சில் பாராட்டுகிறார். அங்கிருந்து இந்து முஸ்லிம் ஒற்றுமைக்குப் போய், நெடுநேரம் அதிலேயே நிற்கிறார். அதன் பிறகுதான் போராட்டத்தைத் தொடுகிறார். தொட்டவுடனே சொல்வது, உண்மையான போராட்டம் இந்தக் கணத்தில் தொடங்கவில்லை என்பது. நீங்கள் அதிகாரத்தை என் கையில் தந்திருக்கிறீர்கள், நான் இனி வைஸ்ராயைச் சந்தித்துக் காங்கிரஸின் கோரிக்கையை ஏற்கும்படி கேட்பேன், அதற்கு இரண்டு மூன்று வாரம் செல்லலாம் என்கிறார்.

அடுத்து ஒரு கேள்வியை அவரே எழுப்புகிறார்: அதுவரைக்கும் நீங்கள் என்ன செய்வது? இராட்டை இருக்கிறது, நிர்மாணத் திட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னொன்றும் கேட்கிறார். ஒவ்வொருவரும் இந்தக் கணம் முதல் தம்மைச் சுதந்திர மனிதராகக் கருதி அப்படியே நடக்கவேண்டும். வைஸ்ராயிடம் பேரம் பேசப்போவதில்லை, உப்பு வரி நீக்கத்தையோ மதுவிலக்கையோ அவர் தர முன்வந்தாலும் முழு விடுதலைக்குக் குறைந்த எதிலும் திருப்தியடையமாட்டேன் என்கிறார். இவ்வளவுக்கும் பிறகுதான் அந்தச் சிறிய மந்திரம் வருகிறது. அதற்குப் பிறகும் பேச்சு முடியவில்லை. பத்திரிகையாளர்கள், சமஸ்தான மன்னர்கள், அரச ஊழியர்கள், படையினர், மாணவர்கள் என்று ஒவ்வொரு தரப்பிடமும் தனித்தனியாக ஒன்று கேட்கிறார். இடையில், இது வெளிப்படையான கிளர்ச்சி, இதில் இரகசியம் பாவம் என்றும் சொல்லிவைக்கிறார்.

இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் “செய் அல்லது செத்து மடி” போர் முரசு அல்ல. பேச்சுவார்த்தைக்குப் போகிறேன், பேரத்துக்குப் போகவில்லை என்று சொன்ன மனிதர், காத்திருக்கும் மக்களின் மனத்தில் ஊன்றிய உறுதிமொழி அது. முதல் வசனத்தில் தூக்கி வைத்ததும் அதற்கு முன்னால் இருந்த “இன்னும் தொடங்கவில்லை” மறைந்துபோகிறது.

பிள்ளைகள் ஏன் “அன்றிரவே தொடங்கினார்” என்று எழுதுகிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. மறுநாள் விடியமுன் காந்தி கைதானதும், வைஸ்ராய் சந்திப்பு நடக்காமலே போனதும், நாடு கொந்தளித்ததும் அவர்களுக்குத் தெரியும். பிறகு நடந்ததைப் பேச்சுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். சுருக்கம் எழுதும்போது, பேசி முடித்த நிமிடத்துக்குப் பிறகு நடந்த எதுவும் உங்களுக்குத் தெரியக்கூடாது. தேவையென்றால் அதைத் தனிப் பந்தியில் உங்கள் குரலில் எழுதுங்கள்.

நான் ஏற்கும் சுருக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“தீர்மானத்தை ஆதரித்தவர்களையும் எதிர்த்தவர்களையும் பாராட்டிய காந்தி, இந்து முஸ்லிம் ஒற்றுமையை முதலில் வலியுறுத்தினார். உண்மையான போராட்டம் இன்னும் தொடங்கவில்லை என்றும், தாம் முதலில் வைஸ்ராயைச் சந்திக்கப் போவதாகவும் அறிவித்தார். ஆனால் முழு விடுதலைக்குக் குறைந்த எதையும் ஏற்கப்போவதில்லை என்றார். அதுவரை ஒவ்வொருவரும் தம்மைச் சுதந்திரமானவராகக் கருதி நடக்கவேண்டும் என்று கேட்டு, அதற்கான மந்திரமாக ‘செய் அல்லது செத்து மடி’ என்பதைத் தந்தார். இறுதியாக, பத்திரிகையாளர் முதல் மாணவர் வரை ஒவ்வொரு தரப்பும் என்ன செய்யவேண்டும் என்று தனித்தனியே கூறினார்.”

இதில் “முதலில்”, “ஆனால்”, “அதுவரை”, “அதற்கான” என்ற சொற்களைக் கவனியுங்கள். வாதத்தைத் தாங்குபவை அவைதான். நீளம் குறைக்கவேண்டி வந்தால் முதலில் வெட்டுப்படுபவையும் அவைதான். வெட்டாதீர்கள். உதாரணங்களை வெட்டுங்கள், பெயரடைகளை வெட்டுங்கள்.

குறிப்பெடுக்கும்போதே இதைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. கொப்பியின் இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு போட்டு விடுங்கள். பேச்சாளர் புதிய காரணத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அந்த ஓரத்தில் ஒரு இலக்கம் போடுங்கள். “ஆனால்”, “ஆகவே”, “இருந்தாலும்” என்று அவர் திரும்பும் இடத்தில் அந்தச் சொல்லை வட்டமிடுங்கள். நிமிடத்துக்கு நூறு சொல் என்று வைத்தாலும் நாற்பது நிமிடப் பேச்சு நாலாயிரம் சொல். அதை நானூறு சொல்லுக்குள் கொண்டுவரும்போது பத்தில் ஒன்பது பங்கு போகும். எது போனாலும் அந்த இலக்கங்களும் வட்டங்களும் அதே வரிசையில் உங்கள் பிரதியில் இருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை பாருங்கள்.

மறுக்க எடுத்த கருத்தைப் பேச்சாளரின் கருத்தாக்குவது

ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் ஆரம்பக் கல்வி பற்றிப் பேசினார். “வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று கொழும்புப் பெற்றோர் சொல்வது நியாயம்தான்” என்று தொடங்கி, ஐந்தாம் ஆண்டு வரை பிள்ளை தாய்மொழியிலேயே படிக்கவேண்டும், ஆங்கிலத்தை நல்ல ஆசிரியரைக் கொண்டு ஒரு பாடமாகக் கற்பிக்கவேண்டும் என்று முடித்தார். வந்த சுருக்கத்தின் தலைப்பு: “ஆங்கிலமொழிமூலக் கல்வி நியாயமானதே: முன்னாள் அதிபர்.”

“தம்பி, இதை ஆர் சொன்னது?”

“சேர்தான் சொன்னவர் அண்ணா. ரெக்கோர்டிங்கில இருக்கு.”

“அதுக்கு அடுத்த வசனத்தைப் போடுங்கோ, கேட்பம்.”

அடுத்த வசனம் “ஆனால்” என்று தொடங்கியது. எங்கள் மேசையில் அது பிடிபட்டது. வேறொரு பத்திரிகையில் இதேபோன்ற ஒன்று அச்சாகி, பேசியவர் காலையிலேயே தொலைபேசியில் அழைத்துக் கேட்டதும், இரண்டு நாள் கழித்து உட்பக்கத்து மூலையில் திருத்தம் போட்டதும் எனக்குத் தெரியும். தலைப்பை வாசித்தவர்களில் எத்தனை பேர் அந்த மூலையைப் பார்த்திருப்பார்கள்?

நல்ல பேச்சாளர் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடும் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார். “சிலர் சொல்வார்கள்”, “உண்மைதான்”, “ஒத்துக்கொள்கிறேன்” என்று கேட்டதும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். மறுப்பு வந்தபிறகுதான் அதை அழிக்கலாம். பிரதியில் ஒப்புக்கொண்டதையும் மறுத்ததையும் ஒரே வசனத்தில் வையுங்கள். பந்தி பிரிந்தால் பக்க அமைப்பில் இரண்டாவது பந்தி வெட்டுப்படலாம்.

அழகான வரியை மேற்கோளாக எடுப்பது

நம் மேடைகளில் அழகான வரிக்குப் பஞ்சமில்லை. குறள் வரும், உவமை வரும், அடுக்குமொழி வரும். அவற்றைத் தேர்ந்தெடுத்து மேற்கோளாக்கிவிட்டு, பேச்சின் முடிவை யாரோ ஒரு அதிகாரியின் கடிதம்போலத் தங்கள் சொல்லில் எழுதுகிறார்கள். நடக்கவேண்டியது மறுவளம்.

எந்த வரியை அப்படியே வைப்பது என்பதற்கு நான் செய்யும் சோதனை எளிது. மேற்கோளைக் கையால் மறைத்துவிட்டுப் பந்தியை வாசிப்பேன். கருத்து முழுசாக விளங்கினால் அந்த மேற்கோள் அலங்காரம், எடுத்துவிடலாம். பந்தி நொண்டினால் அது இருக்கவேண்டும். மேலே காந்தியின் பேச்சில், வாழ்த்துப் பகுதியை நம் சொல்லில் எழுதினால் ஒன்றும் குறையாது. மந்திரத்தை “உறுதியோடு இருக்கச் சொன்னார்” என்று எழுதினால் பேச்சே போய்விடும். நானூறு சொல் சுருக்கத்துக்கு இரண்டு மேற்கோள், மிஞ்சிப்போனால் மூன்று. ஒவ்வொன்றும் பேச்சில் வந்த இடத்திலேயே வரவேண்டும். ஏழாவது நிமிட வரியையும் முப்பதாவது நிமிட வரியையும் ஒரே மேற்கோள் குறிக்குள் ஒட்டவே கூடாது.

மேற்கோள் குறிக்குள் உங்கள் சொல்

ஒரு சொல்லும் கூடாது. ஒலிப்பதிவில் நிச்சயமாகக் கேட்காவிட்டால் குறியை எடுத்துவிட்டு “என்ற கருத்துப்பட” என்று எழுதுங்கள்.

விளிப்பும் நன்றியும்

வேண்டாம்.

பேச்சாளரே வரிசை தவறினால்

இதைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். எல்லோரும் ஒழுங்காகப் பேசுவதில்லை. விட்ட இடத்துக்குத் திரும்பி வருவார்கள், நேரம் முடிகிறது என்று துண்டு வந்ததும் நடுவில் சொல்லவேண்டியதைக் கடைசியில் சொல்வார்கள். திரும்பி வந்தது முன்பு சொன்னதையே மறுபடி சொல்வதாக இருந்தால், முதல் இடத்தில் ஒருதடவை எழுதினால் போதும். புதிய காரணம் ஒன்றோடு திரும்பி வந்தால் அது வந்த இடத்திலேயே, “முன்னர் கூறியதற்குத் திரும்பிய அவர்” என்று எழுதுங்கள். கடைசி நிமிடத்தில் ஒன்றைத் திருத்தினாலோ பின்வாங்கினாலோ அதையும் கடைசியிலேயே வையுங்கள். முன்னால் கொண்டுபோய்ச் சரிசெய்து எழுதினால், அவர் தொடக்கம் முதலே அப்படி நினைத்திருந்ததாக ஆகிவிடும்.