வேன் லேசாக மோதினால் பள்ளிக்கும் பெற்றோருக்கும் எழுதித் தருவது எப்படி?

வண்டியை ஓரங்கட்டுவது, பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பது, பள்ளிக்கு போன் போடுவது எல்லாம் நம் ஓட்டுநர்களுக்குத் தெரியும். அன்றைக்கே எழுதித் தர வேண்டிய அறிக்கையில்தான் பலரும் திணறுகிறோம். எனக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

1. நடந்தது, சுருக்கமாக

"காலை 8.10. கடலூர் செம்மண்டலம் சிக்னல். வேன் நின்றிருந்தது. பின்னால் வந்த குட்டியானை இடித்தது. பம்பர் நசுங்கியது, கண்ணாடி உடையவில்லை. உள்ளே 11 பிள்ளைகள், உதவியாளர் ஒருவர்."

கூடவே அந்த வண்டியின் எண். யார் மேல் தப்பு என்று எழுத வேண்டாம். நின்றிருந்ததும் பின்னால் இடித்ததும் எழுதினாலே போதும்.

2. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி

நான் அதிக நேரம் உட்கார்ந்தது இதற்குத்தான். "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதத்தான் கை போகும். எழுதாதீர்கள். பயத்தில் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கும் எல்லோரும் "ஒண்ணும் இல்லண்ணா" என்றுதான் சொன்னார்கள். உதவியாளர் அக்கா ஒவ்வொருவரிடமும் "எங்க பட்டுச்சு, தொட்டுக் காட்டு" என்று கேட்டபோதுதான் ஒரு யுகேஜி குழந்தை நெற்றியைத் தொட்டுக் காட்டியது. அந்த வரி இப்படி வந்தது:

"கடைசி சீட், ஜன்னல் ஓரம். முன் சீட்டுக் கம்பியில் நெற்றி இடித்தது. லேசான சிவப்பு, வீக்கம் இல்லை. அழவில்லை. 8.40-க்குப் பள்ளியில் வகுப்பு ஆசிரியையிடம் நேரில் சொல்லி ஒப்படைத்தேன்."

தலையில் பட்ட அடி சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும். வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால், சாயங்காலம் பிள்ளை வாந்தி எடுக்கும்போது சாப்பாடு சேரவில்லை என்றுதான் அம்மா நினைப்பார். அடி படாத பிள்ளைக்கும் "கேட்டேன், பார்த்தேன், காயம் தெரியவில்லை" என்று வரி இருக்கட்டும்.

3. இரண்டு பிரதி

முழு அறிக்கை பள்ளிக்கு. பெற்றோருக்கு நடந்ததும், அவர்கள் பிள்ளையின் வரியும் மட்டும், தனித்தனியாக. வாட்ஸ்அப் குரூப்பில் மொத்தமாகப் போடாதீர்கள். நெற்றியில் பட்ட குழந்தையின் வீட்டுக்கு முதலில் போனில் பேசிவிட்டு அப்புறம் அனுப்புங்கள். கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவதே எனக்குப் பிடிக்கும். போனில் தட்டினால் பாதியை விட்டுவிடுவோம். நேரம் மறக்காமல் இருக்க, சம்பவ இடத்திலேயே போனில் பேசிப் பதிந்துகொள்ளுங்கள்.

4. காவல் நிலையம், இன்சூரன்ஸ்

யாருக்காவது காயமோ அடுத்தவர் வண்டிக்குச் சேதமோ இருந்தால், போலீஸ் அங்கே வராத நிலையில் பக்கத்துக் காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் தர வேண்டும். முதல் பகுதியை அப்படியே நகல் எடுத்து, தேதி, காயம் பட்டவர் விவரம், பாலிசி எண், அது எதுவரை செல்லும் என்பது, ஓட்டுநர் பெயர், லைசென்ஸ் விவரம் இவற்றைச் சேர்த்தால் சரி.

பின்சேர்க்கை: படம் சேர்க்கலாமா என்று ஒரு ஓட்டுநர் கேட்டிருந்தார். பம்பர், இரண்டு நம்பர் பிளேட், சாலை இவற்றைச் சேருங்கள். பிள்ளைகளின் முகம் விழுந்த படம் வேண்டாம். காயத்தின் படம் அந்தப் பெற்றோருக்கும் பள்ளிக்கும் மட்டும்.