ஒரே கருத்தில் பல வர்த்தகங்கள்: மொத்த ரிஸ்க்குக்கு ஒரு வரம்பு

எச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி, ஆக்சிஸ் வங்கி, ஸ்டேட் வங்கி ஆகிய நான்கின் சார்ட்களும் ஒரே வாரத்தில் ஏற்றத்தைத் தடுத்து வந்த ரெசிஸ்டன்ஸ் விலையைக் கடந்து பிரேக்அவுட் காட்டினால், அவற்றை நான்கு வாய்ப்புகளாக அல்ல, வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டி ஏறும் என்ற ஒரே கணிப்பாகவே கொள்ள வேண்டும். 2024 ஜூன் 4 அன்று, தேர்தல் முடிவுகள் வெளியானபோது, வங்கிப் பங்குகள் ஒன்றாகவே சரிந்தன.

5,00,000 ரூபாய் கணக்கில் ஒவ்வொரு பங்குக்கும் 1 சதவீதம் ரிஸ்க் எடுத்தால், நஷ்டத்தோடு விற்று வெளியேற வைத்த நான்கு ஸ்டாப் லாஸ்களும் ஒரே நாளில் அடிபடும்போது 20,000 ரூபாய் போய்விடும். ஆகவே முதலில் அந்த ஒரே கணிப்பு முழுவதற்கும் 2 சதவீதம், அதாவது 10,000 ரூபாய், என்று வரம்பிட்டு, அதன் பிறகே அதைப் பங்கிட வேண்டும். நான்கையும் வாங்குவதானால் ஒன்றுக்கு 2,500 ரூபாய். 800 ரூபாயில் வாங்கி 780-இல் ஸ்டாப் வைக்கும் பங்கில் 125 பங்குகள் மட்டுமே கிடைக்கும். நான்கிலும் சிறிது சிறிதாக வாங்குவதைவிட, தெளிவான சார்ட் உள்ள இரண்டை மட்டும் 5,000 ரூபாய் ரிஸ்க்கில் வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

விலை ஏறி, ஒரு பங்கின் ஸ்டாப்பை வாங்கிய விலைக்கு உயர்த்திய பின்னரே, அதன் ரிஸ்க் தொகையை அடுத்த வங்கிப் பங்குக்குப் பயன்படுத்தலாம். ஆனால் ஸ்டாப்புக்குக் கீழே கேப் டவுனாகப் பங்கு திறந்தாலோ, ஏதேனும் அறிவிப்பின்போது விலை ஸ்டாப்பைத் தாண்டி ஒரேயடியாகச் சரிந்தாலோ நஷ்டம் வரம்பைத் தாண்டும் என்பதால், ரிசர்வ் வங்கியின் வட்டி அறிவிப்புக்கு முந்தைய நாள் அந்த வரம்பைப் பாதியாக்குவது நல்லது.