ரிசல்ட் வரவில்லை, மேற்படிப்பில் சேரக் கடைசித் தேதி வந்துவிட்டதா?

“ரிசல்ட் எப்போது வரும்?” என்று தேர்வுப் பிரிவில் கேட்டால், “வரும்போது வரும்” என்பார்கள். கடைசித் தேதி தெரியும் சேர்க்கைக் கடிதம், ஹால் டிக்கெட், பழைய மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றின் நகல்களோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு விண்ணப்பம் கொடுங்கள். விடைத்தாள் திருத்தம் முடிந்திருந்தால் தற்காலிக முடிவுக் கடிதம் கேட்கலாம். சில பல்கலைக்கழகங்கள் அதை உங்கள் கையில் தராமல், உறையிலிட்டு ஒட்டி, சேர்க்கை அலுவலகத்துக்கே நேராக அனுப்பும். அதனால் அந்த முகவரியையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

திருத்தமே முடியவில்லையா? சரி, “எல்லாத் தாள்களும் எழுதியுள்ளார், முந்தைய செமஸ்டர்களில் அரியர் இல்லை, முடிவு இந்தத் தேதிவாக்கில் வரும்” என்றாவது எழுதி வாங்குங்கள். இது தேர்ச்சிச் சான்று ஆகாது. ஆனால் இதைக் காட்டி, மதிப்பெண் பட்டியல் தர அவகாசம் கேட்கலாம். வாங்கியதும் பதிவு எண்ணை ஹால் டிக்கெட்டோடு ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.