லைட் டென்ட் பின்னணியை அழிக்கும் முன் லெவல்ஸ்

லைட் டென்ட்டில் எடுத்த படத்தின் பின்னணியை மேஜிக் வாண்டால் அழிப்பதற்கு முன், லெவல்ஸில் அதை முழு வெள்ளையாக்கிவிடுங்கள். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் துணி, 255-ஐ முழு வெள்ளையாகக் கொண்ட ஒளி அளவில் நடுவில் 240, மூலையில் 222 என்று மாறிக்கொண்டே போகும். அதனால் டாலரன்ஸைக் குறைத்தால் பின்னணி திட்டுத்திட்டாக மிஞ்சும், கூட்டினால் பொருளின் ஓரத்தையும் கடித்துவிடும். எல்லாம் 255 ஆகிவிட்டால் டாலரன்ஸ் 2 போதும், ஒரே கிளிக்.

ஃபோட்டோஷாப்பில் Ctrl+J அழுத்தி லேயரை நகலெடுத்து, நகலில் Ctrl+L. வலது ஓர வெள்ளை முக்கோணத்தை Alt பிடித்தபடி இடப்பக்கம் இழுங்கள். திரை கறுத்து, 255-ஐத் தொட்ட இடங்கள் மட்டும் வெளுக்கும். மேலே சொன்ன படத்தில் 220-க்கு வந்ததும் மூலைகளும் வெளுத்துவிடும், அங்கேயே நிறுத்துங்கள். Contiguous டிக் செய்து பின்னணியைத் தேர்ந்தெடுத்து, Select > Modify > Expand 1 பிக்சல் கொடுங்கள். பிறகு நகலை மறைத்துவிட்டு, பூட்டுத் திறந்த மூல லேயரில் Delete. பலர் நகலிலேயே அழித்துவிடுகிறார்கள். அப்போது பொருளும் வெளிறிய நிறத்தோடுதான் மிஞ்சும்.

வெள்ளைப் பீங்கான், கண்ணாடி, பளபளக்கும் வெள்ளி ஆகியவற்றுக்கு இது உதவாது: ஓரமும் 255 ஆகி, பின்னணியோடு சேர்ந்தே போய்விடும். அவற்றுக்குப் பென் டூல்தான். பொருளின் அடியில் விழும் மென்னிழலும் பாதி கரைந்துவிடும். நிழல் வேண்டுமென்றால் அழிக்கவே வேண்டாம், லெவல்ஸோடு விட்டுவிடுங்கள்.