பெல்ட்டை எடுத்த பிறகும் நெஞ்சில் தெரியும் பெல்ட்

படத்திறப்புக்குப் படம் கேட்டு வருபவர்களிடம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து எடுத்த படம் இருப்பது அபூர்வம். சிரித்த முகம் எதில் கிடைக்கிறதோ அதைத்தான் கொண்டு வருவார்கள். அது கல்யாணப் பந்தியாக இருக்கும், பாண்டி கடற்கரைச் சாலையாக இருக்கும், இல்லையென்றால் கார் சீட்டாக இருக்கும். போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் கடைக்கு வந்த ஒரு தம்பி கொண்டுவந்தது கார் படம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலை வேளை. வண்டி வடக்கு பார்த்து நிற்கிறது. ஓட்டுநர் சீட்டில் இருக்கும் அவர் அப்பா, பக்கத்து சீட்டில் இருந்து படம் எடுக்கும் மகளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். நீலமும் வெள்ளையும் கலந்த கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. வலது தோளில் இருந்து இடது இடுப்புக்குக் குறுக்காகக் கறுப்பு சீட் பெல்ட்.

"அண்ணே, இந்த பெல்ட்டை மட்டும் எடுத்துடுங்க. நாளன்னைக்குப் பதினாறாம் நாள்" என்றார்.

பெல்ட்டை எடுக்க ஐந்து நிமிடம் போதும். அதற்கு அடியில் கேமரா பார்க்கவே பார்க்காத சட்டையைத் தைத்துக் கொடுக்கத்தான் அரை நாள் ஆகும். புதிதாக இந்த வேலைக்கு வரும் பையன்கள் செய்யும் தவறுகள் எல்லாம், தையல்காரர் மாதிரி யோசிக்காமல் அழிரப்பரைக் கையில் எடுப்பதில் இருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் ஒரு சின்ன விஷயம். வாட்ஸப்பில் படமாக வந்ததை வைத்து வேலையைத் தொடங்காதீர்கள். அந்தத் தம்பி முதலில் அனுப்பியது நீளவாக்கில் 1600 பிக்சல். போனில் இருந்த மூலப்படம் 4000. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குல பிரேமுக்குப் போகும் படம் இது. டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் மூலப்படமே வந்துவிடும். சட்டையின் நெசவு தெரிந்தால்தான் நெசவைத் திரும்பப் போட முடியும்.

சரி, இப்போது பெல்ட்டுக்கு வருவோம். கறுப்பாக இருக்கும் இடத்தை மட்டும் பெல்ட் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பெல்ட் விட்டுப்போகும் தடம் மூன்று: அதன் நிழல், அது அழுத்தியதால் துணியில் விழுந்த பள்ளம், அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் புடைத்து நிற்கும் துணி. கறுப்பை மட்டும் அழித்துவிட்டுப் பார்த்தால், நெஞ்சின் குறுக்கே மங்கலாக ஒரு பட்டை அப்படியே நிற்கும். பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரியாது. மாலை போட்டு ஹாலில் மாட்டிப் பத்தடி தள்ளி நின்றால் தெரியும்.

அதிலும் நிழல் எப்போதும் பட்டைக்குக் கீழேதான் விழும் என்று கீழ்ப்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்வார்கள். இந்தப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி வடக்கு பார்த்து நிற்கிறது என்றால் ஓட்டுநரின் வலப்பக்கம் கிழக்கு, அதாவது கடல். காலை வெளிச்சம் முழுக்க அவர் ஜன்னல் வழியாக வருகிறது. அதனால் நிழல் விழுந்தது பெல்ட்டின் மேல் ஓரத்தில், பாக்கெட் இருக்கும் பக்கம். கீழ் ஓரத்தில் புடைத்த துணி பளிச்சென்று மின்னியது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று மூக்கின் நிழலைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, பெல்ட்டின் அகலத்தில் பாதி அளவுக்கு இருபக்கமும் சேர்த்துத் தேர்வு செய்யுங்கள். தடம் போய்விட்டதா என்று பார்க்க, ஃபோட்டோஷாப்பில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயர் போட்டு அதன் கோட்டைச் செங்குத்தாக நிமிர்த்தினால் போதும். மறைந்திருக்கும் பட்டை வெளியே வந்துவிடும். பார்த்த பிறகு அந்த லேயரை அணைத்துவிடலாம்.

அடுத்தது, தோளில் இருந்து இடுப்பு வரை ஒரே தேர்வாக எடுத்து, சுற்றியிருப்பதைப் பார்த்துத் தானே நிரப்பும் Content-Aware Fill கொடுப்பது. வெறும் வெள்ளைச் சட்டையில் சில சமயம் தப்பித்துவிடலாம். கட்டம் போட்ட சட்டையில், காலர் துண்டு ஒன்று வயிற்றில் வந்து உட்காரும், பொத்தான் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் முளைக்கும். பெல்ட் போகும் வழியில் சட்டையின் எத்தனை பாகங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இங்கே தோள், காலர் ஓரம், வலது முன்பக்கம், பொத்தான் பட்டி, பாக்கெட்டின் கீழ்முனை, இடது முன்பக்கம். ஒவ்வொன்றும் தனித் துண்டாக வெட்டித் தைத்தது. படத்திலும் ஒவ்வொன்றுக்கும் தனி லேயர் வேண்டும். பெல்ட்டின் விளிம்பை ஒட்டி Healing Brush வைத்தாலும் சிக்கல்தான். பக்கத்தில் இருக்கும் கறுப்பை உறிஞ்சிக்கொண்டு கரி பூசினாற்போல் ஆகும். விளிம்பில், ஒரு இடத்தை அப்படியே நகலெடுத்து வைக்கும் Clone Stamp; கறுப்பு முழுக்கப் போன பிறகு நடுப்பகுதிக்கு வேண்டுமானால் Healing Brush.

பெல்ட்டை அழிப்பதற்கு முன்னால் அதனிடம் இருந்து வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அளவு. கார் சீட் பெல்ட் ஏறத்தாழ 47 மில்லிமீட்டர் அகலம். நெஞ்சின் மேல் படிந்து கிடக்கும் ஸ்கேல் அது. இந்தப் படத்தில் அதன் அகலம் 188 பிக்சல், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 40 பிக்சல். ஆண்கள் சட்டையில் பொத்தானுக்குப் பொத்தான் எட்டில் இருந்து ஒன்பது சென்டிமீட்டர் வரை இருக்கும். எட்டரை என்று வைத்தால் 340 பிக்சல். பெல்ட்டுக்கு மேலே தெரிந்த பொத்தானுக்கும் கீழே தெரிந்த பொத்தானுக்கும் நடுவில் 680. அப்படியானால் ஒளிந்திருப்பது ஒரே ஒரு பொத்தான், சரியாக நடுவில். 45 பாகை சாய்வில் போகும் பெல்ட் பொத்தான் பட்டியில் ஆறரை சென்டிமீட்டர்தான் மறைக்கும் என்பதால் இரண்டு பொத்தான் ஒளிய வழியே இல்லை. ஆனால் எனக்கு முன்னால் இதே மாதிரிப் படத்தில் இரண்டு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் வைக்காமல் விட்டவர்களையும்.

கட்டத்துக்கும் இதே கணக்கு. ஒரு கட்டம் இரண்டு சென்டிமீட்டர், 80 பிக்சல். பெல்ட் மறைத்தது மூன்றே கால் கட்டம். நான் முதலில் தனி லேயரில், மேலே தெரியும் நீலக் கோடுகளையும் கீழே தெரியும் நீலக் கோடுகளையும் மெல்லிய சிவப்புக் கோட்டால் இணைத்துவிடுவேன். நேர்கோடாக இல்லை, வயிறு புடைக்கும் இடத்தில் கோடும் வளையும். அப்புறம் பெல்ட்டுக்குக் கீழே நல்ல வெளிச்சத்தில் இருக்கும் துணியில் நான்கு கட்டம் அளவுக்கு ஒரு துண்டை நகலெடுத்து மேலே ஏற்றி, Warp போட்டு, சிவப்புக் கோட்டில் நீலக் கோடு உட்காரும்வரை இழுப்பேன். Clone Stamp-ஐ வைத்தே கட்டத்தை வரைந்துகொண்டு போனால் தொடங்கும் இடத்தில் சரியாக இருக்கும், மறுமுனைக்கு வரும்போது அரைக் கட்டம் பிசகும். துணியில் கறை இருந்தால்கூடக் கண் மன்னித்துவிடும், பாதிக் கட்டத்தை மன்னிக்காது.

பொத்தான் பட்டியின் இரண்டு பக்கமும் கட்டம் சேர வேண்டுமா? எங்கள் கடைக்குப் பக்கத்துத் தையல்காரர் கட்டம் சேர்த்துத்தான் வெட்டுவார். மலிவான ரெடிமேடில் பெரும்பாலும் சேராது. மேலே, பெல்ட் இல்லாத இடத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அங்கே கால் கட்டம் விலகி இருந்தால் கீழேயும் கால் கட்டம் விலகித்தான் இருக்க வேண்டும். நாம் தையல்காரரைத் திருத்த வரவில்லை.

நேரம் மிச்சம் என்று வலது முன்பக்கத்தை இடவலமாகத் திருப்பி இடதுபக்கம் ஒட்டுவது இன்னொரு பழக்கம். காலர் முனைக்கு அதைச் செய்யலாம், வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டால். நெஞ்சுக்கு வேண்டாம். ஆண்கள் சட்டையில் இடதுபக்கம் மேலே, வலதுபக்கம் அடியில், பாக்கெட் இடதில். திருப்பினால் வெளிச்சமும் தப்பான பக்கத்தில் இருந்து அடிக்கும். செல்ஃபி படமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பாக்கெட் சட்டை போட்டிருப்பவரின் வலது நெஞ்சில் தெரிந்தால் போனே படத்தைத் திருப்பி வைத்திருக்கிறது. அதை முதலில் நேராக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

தோள்பை வார் விஷயத்தில் சிக்கல் வேறு. கடற்கரைச் சாலையில் எடுத்த படத்தில் ஒரு பெண் சுடிதாருக்குக் குறுக்கே பை மாட்டியிருந்தால், வார் துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும். வாரை எடுத்துவிட்டு அந்த இறுக்கத்தை அப்படியே விட்டால் துணி காரணமில்லாமல் உடம்போடு ஒட்டி நிற்கும். பார்க்க அசிங்கமாகவும் இருக்கும். வார் இல்லையென்றால் அந்தத் துணி தோளில் இருந்து தளர்ந்து தொங்கும். அந்தத் தளர்வைத்தான் வரைய வேண்டும். உடம்பின் வடிவத்தை நாமாக ஊகித்து வரைவது நம் வேலை இல்லை.

மடிப்புக்கும் இதுதான் நியாயம். பெல்ட்டை நோக்கி வந்து முட்டி நிற்கும் மடிப்புகள், பெல்ட் போன பிறகு அந்தரத்தில் நிற்கும். ஒன்று அழிக்க வேண்டும், இல்லை மறுபக்கத்து மடிப்போடு சேர்க்க வேண்டும். அக்குளில் இருந்து வரும் மடிப்புக்குக் காரணம் இருக்கிறது, அதை நீட்டுங்கள். பெல்ட் அழுத்தியதால் மட்டும் வந்த குட்டி மடிப்புகளை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் எடுத்தால் சட்டை அட்டையில் வெட்டியதுபோல் ஆகிவிடும். கட்டம் சரியான பிறகு, 50 சதவீத சாம்பல் நிரப்பிய ஒரு Soft Light லேயரில் மெல்லிய பிரஷ்ஷால் வெளிச்சமும் நிழலும் ஏற்றுவேன். கட்டத்தின் லேயரிலேயே முதலில் நிழலைப் போட்டுவிட்டுப் பிறகு கட்டத்தை நகர்த்தினால் நிழலும் கூடவே நகர்ந்துவிடும், திரும்ப முதலில் இருந்து.

பாக்கெட்டின் கீழ்முனையில்தான் மாட்டிக்கொண்டேன். வட்டமா, கூராக வெட்டியதா என்று தெரியவில்லை. தம்பியிடம் கேட்டேன், "அந்தச் சட்டை வீட்ல இருக்கா?" மறுநாள் காலை அம்மாவோடு வந்தார், சட்டை பீரோவில் இருந்திருக்கிறது. தம்பியையே அதைப் போடச் சொல்லி, வாசல் வெளிச்சம் வலப்பக்கம் படும்படி ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். அதை அப்படியே ஒட்டவில்லை. மகன் ஒல்லி, துணி வேறு மாதிரி விழுகிறது; இரண்டு மூன்று துவைப்பில் நீலமும் கொஞ்சம் வெளுத்திருந்தது. பாக்கெட் முனைக்கும் கட்டத்தின் வரிசைக்கும் வரைபடமாக மட்டும் வைத்துக்கொண்டேன். முனை வட்டம்.

அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, நடுப் பொத்தான் வெள்ளை இல்ல. அறுந்துபோயி நான்தான் தச்சேன்" என்றார். சட்டையைப் புரட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறப் பொத்தான், கறுப்பு நூல். நான் மேலே இருந்த வெள்ளைப் பொத்தானை நகலெடுத்து, அளவு பார்த்துச் சரியான இடத்தில் வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டுச் சாம்பல் பொத்தானை வைத்தேன்.

லேயர்களை ஒன்றாக்கிச் சேமித்திருந்தால் அந்த ஒரு பொத்தானுக்காக நெஞ்சுப் பகுதியைத் திரும்பத் தோண்டியிருக்க வேண்டும். தனி லேயரில் இருந்ததால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பிரிண்டுக்குப் போகும் முன் நாலுக்கு ஆறில் ஒன்று போட்டு வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். பாக்கெட்டின் மீது பெல்ட் நிழல் ஒரு விரல் அகலத்துக்கு இன்னும் இருந்தது.