இலக்கு எடைக்கு எத்தனை வாரம்? முதல் வாரத்தை நம்பாதீர்கள்

84 கிலோவிலிருந்து 72-க்கு வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் 1.6 கிலோ குறைந்ததும் பலர் 12-ஐ 1.6-ஆல் வகுத்து, எட்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று நாள் குறித்துவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. சாப்பாட்டைக் குறைத்த புதிதில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உடலில் சேமித்த மாவுச்சத்து கரையும்போது, அது பிடித்து வைத்திருந்த நீரும் கூடவே போய்விடும்.

அதனால் முதல் இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தினமும் காலையில் கழிப்பறை போய் வந்ததும், எதுவும் சாப்பிடாமல் எடை பாருங்கள். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்தால் அந்த வாரத்தின் சராசரி. ஒரே ஒரு நாள் எடையை நம்ப முடியாது. முந்தின இரவு உப்பு கொஞ்சம் கூடினாலே முள் ஏறி நிற்கும்.

மூன்றாம் வாரச் சராசரி 81.8, ஏழாம் வாரச் சராசரி 80.0 என்றால், நான்கு வாரத்தில் 1.8 கிலோ, அதாவது வாரத்துக்கு 0.45. மீதி 8 கிலோவை 0.45-ஆல் வகுத்தால் சுமார் 18 வாரம். சரி, இதுவும் முழு விடை இல்லை. உடல் சிறுத்தால் அது செலவழிக்கும் கலோரியும் குறையும். அதே சாப்பாட்டில் வேகம் மெல்லத் தளரும். நான் கால் பங்கு கூட்டி 22 அல்லது 23 வாரம் என்றே எழுதிக்கொள்வேன். அப்புறம் மாதம் ஒருமுறை புதுச் சராசரியை வைத்து மறுபடி வகுத்துப் பார்ப்பேன்.